மூன்றாம் மாடித் தண்ணீர் கேன்: ஓர் ஆற்றல் ஆய்வு

20 லிட்டர் தண்ணீர் கேனை மாடிக்குத் தூக்கிச் செல்ல ஆகும் ஆற்றல், ஏறும் மொத்த எடை, ஏறும் உயரம், தசையின் திறன் ஆகிய மூன்றைப் பொறுத்தது. மூச்சிரைப்பும், லிப்ட் பழுதான நாளில் குடியிருப்போர் சங்கத்தைப் பற்றி உதிரும் சொற்களும் கணக்கில் சேரா. அவற்றுக்கு அலகு இல்லை.

ஆய்வுக்கு உட்படுபவர் 70 கிலோ எடையுள்ள குடும்பத் தலைவர். கேன், தண்ணீருடன் ஏறத்தாழ 21 கிலோ. ஒரு மாடிக்கு 3 மீட்டர் வீதம் மூன்றாம் மாடி 9 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 91 கிலோவை 9.8ஆலும் 9ஆலும் பெருக்கினால் சுமார் 8,000 ஜூல் வரும். ஒரு கிலோகலோரிக்கு 4,184 ஜூல் என்பதால் இது 2 கிலோகலோரிக்கும் சற்றுக் குறைவு.

பலரும் கணக்கை இங்கேயே முடித்துவிடுவதுதான் பிழை. தசை, தான் செலவிடும் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். மிச்சம் வெப்பமாகிச் சட்டையை நனைக்கும். ஆகவே உண்மைச் செலவு நான்கு மடங்கு, அதாவது 8 கிலோகலோரிக்குச் சற்றுக் குறைவு. கேன் இல்லாமல் வெறுங்கையோடு ஏறினாலே சுமார் 6 ஆகும். எனவே கேனின் பங்கு 2 கிலோகலோரியை எட்டவில்லை. அரை கிராம் சர்க்கரையில் அவ்வளவு இருக்கிறது. மேலே போனதும் கேட்டு வாங்கும் தேநீரில் 10 கிராம் சர்க்கரை இருந்தால், அதை ஈடுகட்ட, கேனோடு ஏறத்தாழ ஐந்து முறை ஏற வேண்டும். இந்த முடிவு குடும்பத் தலைவர்களிடையே வரவேற்பைப் பெறவில்லை.

வேகமாக ஏறினால் இந்த வேலையின் அளவு கூடாது; அது முடியும் நேரம்தான் குறையும். அரை நிமிடத்தில் ஏறுபவர் ஏறத்தாழ 270 வாட் வேலை செய்கிறார். குதிரைத்திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்பதால் மூச்சிரைப்பதில் வியப்பில்லை.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் கேனை இறக்காமல், நெஞ்சோடு அணைத்தபடி பக்கத்து வீட்டாரிடம் பேசிக்கொண்டிருப்பவர் தனி வகை. உயரம் மாறாததால் இயற்பியலின்படி அவர் செய்யும் வேலை பூஜ்யம். ஆனால் கையும் முதுகும் இறுகியே இருப்பதால் ஆற்றல் செலவாகிக்கொண்டே இருக்கும். சூத்திரம் காட்டும் எண்ணைக் குறைந்தபட்ச அளவாகவே கொள்ள வேண்டும் என்பதற்கு இவரே சான்று.

காலிக் கேனோடு இறங்கும்போது, ஏறியபோது சேர்ந்த ஆற்றல் உடலுக்குத் திரும்புவதில்லை. தொடைத் தசைகள் நீண்டபடியே பாரத்தைத் தாங்கி அதை வெப்பமாக்கிவிடுகின்றன. இதற்கான செலவு ஏறுவதைவிட வெகுவாகக் குறைவு. ஆனால் பழக்கமில்லாத கால் பலமுறை ஏறி இறங்கிய மறுநாள் தொடையில் தெரியும் வலி பெரும்பாலும் இறங்கியதால் வருவது. அதற்கு நிரம்பிய கேனைக் குற்றம் சாட்டுவது ஆய்வுமுறைப்படி செல்லாது.