முந்தானை எந்தத் தோளில்?

டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினம். 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த நாள். மயிலாப்பூரின் மார்கழியைப் பற்றி டெல்லியில் யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வாரத்தில் இங்கே கூட்டம் சேர வேண்டுமானால் ஒன்று பாட வேண்டும், அல்லது கேன்டீன் போட வேண்டும். எங்கள் பேட்டை நுகர்வோர் சங்கச் செயலாளர் விவரமானவர். பக்கத்து சபா கேன்டீனில் சாப்பாடு முடிந்து டிபன் தொடங்கும் இடைவெளியில் என் பேச்சை வைத்துவிட்டார். தலைப்பு: ‘ஆன்லைனில் வாங்குமுன் படத்தைப் பாருங்கள்’.

“படத்தைப் பார்த்துதானே சார் வாங்கறோம்?” என்றார் முன்வரிசை மாமா, நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள்.

திரையில் ஒரு விளம்பரத்தைப் போட்டேன். அசல் காஞ்சிபுரம் பட்டு, 1,499 ரூபாய், ஆறு நிறங்களில். தி. நகரில் பட்டு எடுத்துப் பழகிய கைகள் விலையைக் கேட்டதுமே சிரித்துவிட்டன. ஆனால் விலையை விடுங்கள், படம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்றேன்.

அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் திறந்து, கட்டத்தைச் சுருக்கிச் சேலையை மட்டும் தேடச் சொன்னேன். முழுப் படத்தையும் கொடுத்தால் அது பின்னாலிருக்கும் ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டு மரச்சாமான் காட்டும். சேலையை மட்டும் கொடுத்ததும் அதே பெண், அதே சேலை, பல கடைகளில், பல விலைகளில், பல பெயர்களில். ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பக்கத்தில் மட்டும் படம் தலை முதல் கால் வரை முழுசாக, மூலையில் கடைப் பெயரோடு இருந்தது. மற்ற இடங்களில் அந்த மூலை வெட்டுப்பட்டிருந்தது. பெரிதாக, தெளிவாக, வெட்டாமல் இருக்கும் படத்துக்குச் சொந்தக்காரரே பெரும்பாலும் மூலக் கடைக்காரர்.

“எங்காத்து குக்கர் படமும் நாலு கடையில ஒண்ணாத்தான் இருக்கு. அதுவும் திருட்டா?” என்றார் அடையாறிலிருந்து வந்திருந்த ஒருவர். நியாயமான கேள்வி. குக்கருக்குக் கம்பெனியே படம் கொடுக்கும். எல்லாக் கடையும் அதையே போடும். ‘எங்கள் தறியில் நெய்தது’ என்று சொல்கிறவர் வேறொருவர் படத்தைப் போட்டால்தான் வில்லங்கம்.

அடுத்ததை விளக்க நான் தொண்டையைச் செருமியபோது ஒரு மாமி எழுந்தார். “ஏன் இவ முந்தானையை வலது தோள்ல போட்டிண்டிருக்கா?”

அரங்கமே திரையைப் பார்த்தது. குஜராத்தியர் வலது தோள் வழியாக முன்பக்கம் எடுத்து விடுவதுண்டு. இந்தப் பெண்ணுக்கோ நம்மூர்க் கொசுவம், நம்மூர் மல்லிகை, முந்தானை மட்டும் வலது தோளில் பின்னால் தொங்கியது. எடுத்த படத்தைத் தேடலில் சிக்காமலிருக்கக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போடுகிறவர்கள் உண்டு. அந்த மென்பொருள் வல்லுநருக்குச் சேலை கட்டத் தெரியவில்லை. நான் ஸ்லைடு போட்டு விளக்க இருந்ததை மாமி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டதால், அந்த ஸ்லைடைத் தாண்டிப் போனேன்.

பிறகு ஆறு நிறங்களையும் வரிசையாக வைத்தேன். பச்சையிலும் நீலத்திலும் அரக்கிலும் இடுப்பருகே ஒரே மடிப்பு, முந்தானை நுனியில் ஒரே சுருக்கம், ஒரே நிழல். ஆறு சேலையை ஆறு முறை கட்டினால் ஆறும் ஒரே இடத்தில் சுருங்காது. கட்டியது ஒன்று, மற்ற ஐந்தும் கணினி போட்ட சாயம். சாயம் அவசரத்தில் விரலிலும் வளையலிலும் வழிந்திருந்தது. நிறம் மாற்றுவதே குற்றம் என்று சொல்லவில்லை. அந்த ஐந்து நிறமும் கையில் இருக்கிறதா என்பதற்குப் படம் சாட்சியில்லை, அவ்வளவுதான்.

அதற்கு வழி, விற்பவரிடமே புதுப் படம் கேட்பது. அன்றைய தினசரிக் காலண்டர் தாளைச் சேலையின் மேல் வைத்து, சேலையின் உள்பக்கத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். சேலை வைத்திருப்பவருக்கு அது ஒரு நிமிட வேலை. இல்லாதவர், “ஸ்டாக் குடோனில் இருக்கிறது மேடம்” என்பார்.

“எல்லாம் சரியா இருந்தா பட்டுன்னு நம்பலாமா?” என்றார் மாமி. முடியாது. நூலைக் கொளுத்தினால் பட்டு மயிர் கருகும் வாடை அடிக்கும். படத்தைக் கொளுத்தி முகர வழியில்லை. சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று கேட்கலாம். விளம்பரப் பக்கத்தை விலையோடு படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளை ஆன்லைன் விற்பனையாளர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. வம்பு செய்தால் 1915க்குப் போன் போடலாம். அப்போது அந்தப் படம் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் விளம்பரம் அதற்குள் காணாமல் போயிருக்கும்.

முன்வரிசை மாமா கை தூக்கினார். “கேன்டீன் வாசல் போர்டுல கீரை வடை உள்ளங்கை அகலம் இருக்கு. இலையில விழறது ரூபாய்க் காசு அளவு. அந்த விதி இதுக்குச் செல்லுமா?”

நேரில் வாங்கும் வடைக்கு மின்வணிக விதி வராது. ஆனால் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆதாரம் வேண்டும் என்றேன். “ஆதாரம்தானே?” என்று அவர் போனை எடுத்துக்கொண்டு கேன்டீன் பக்கம் நடந்தார். சாட்சி சொல்ல மொத்தக் கூட்டமும் பின்னாலேயே போனது. நன்றியுரை பாக்கியிருந்த செயலாளர் உட்பட.