மண்டபம் பெரிசு, பந்திக்கு நாலு பேர்

மச்சான் தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் 16 ஜிபி ரேமை 32 ஆக்கிவிட்டார். வேகம் மட்டும் அதே கட்டைவண்டி. எக்செல்லையும் இருபது குரோம் டேபையும் திறக்கச் சொல்லி டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். மெமரி 9 ஜிபி. டிஸ்க்கோ 100 சதவீதம். மெமரியும் நிரம்பி டிஸ்க்கும் திணறினால் ரேம் பற்றாக்குறை எனலாம். இங்கே பழைய 16-லேயே 7 ஜிபி சும்மா கிடந்திருக்கிறது; மூச்சு வாங்குவது கிழட்டு ஹார்டு டிஸ்க். பெரும்பாலான கேமுக்கே 16 போதும். 4கே வீடியோ வெட்டுபவர் 32 கேட்டால் நியாயம். இவர் வெட்டுவது பில் மட்டும்.

"எஸ்எஸ்டி போடுங்க மச்சான்."

"அதெல்லாம் இருக்கட்டும் மாப்ளே, 64 என்ன விலை?"