லீவு நானா

புத்தளம் கரையோரத் தனியார் கம்பெனிகளில் லீவு நானா ஒருவர் கட்டாயம் இருப்பார். கலண்டர் கைக்கு வந்ததும் மற்றவர்கள் படத்தைப் பார்க்க, அவர் நேராகச் சிவப்புத் தேதிகளுக்குப் போவார்.

அவருக்குத் தலைவலி நோன்புப் பெருநாள்தான். கச்சேரியில் வேலை செய்யும் மச்சான் அன்று வாயைத் திறக்காமலே வீட்டில் இருப்பார்; அது அரசாங்க விடுமுறை. தனியார் துறைக்குரிய வர்த்தக விடுமுறைகளோ போயா நீங்கலாக வருடத்துக்கு 8 நாள்தான். மீலாத் அதில் உண்டு, நோன்புப் பெருநாள் இல்லை. தீபாவளியும் இல்லை என்பதால், பக்கத்து மேசை உடப்புக்காரரும் இதே தலைவலிக்காரர்.

ஆகவே லீவு போட வேண்டும். எத்தனை நாள் முன்பு? 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் முழு வருடம் வேலை செய்தவருக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் சமயோசித லீவும் தருகிறது. ஆனால் நானாவின் நியமனக் கடிதத்தில் ‘முன்அனுமதி பெறல் வேண்டும்’ என்று மட்டும் இருக்கிறது; எண் எதுவும் இல்லை. புதிதாய்ச் சேர்ந்த தம்பிக்கு அது கொண்டாட்டம்: “எத்தனை நாளெண்டு போடல்ல நானா, காலையில வாட்ஸ்அப்புல சொன்னாப் போதும்.”

நானா அப்படி எண்ணமாட்டார். எண் இல்லாத இடத்தில் அவர் வேறு கணக்குப் பார்ப்பார்: தன் மேசைக்கு ஆள் பிடிக்க சேருக்கு எத்தனை நாள் தேவை? பெருநாள் சம்பளப் பட்டியல் நாளோடு மோதுகிறதா? போன வருடம் யாருடைய லீவு, எவ்வளவு முன்பு கேட்டதால் பாஸானது? அவர் இடத்தில் இரண்டு கிழமை என்று விடை வந்தது. அதையும் வாயால் கேட்டு வைத்துக்கொள்ளாமல், “இரண்டு கிழமை போதுமா சேர்?” என்று எழுதி அனுப்பினார். “ஓம்” என்ற பதிலைப் பத்திரமாக வைத்திருக்கிறார். நாளைக்கு சேர் மாற்றலாகிப் போனாலும் அந்த “ஓம்” போகாது.

ஆனால் பிறை யாருக்கும் இரண்டு கிழமை முன்னறிவித்தல் தருவதில்லை. 29ஆம் நோன்பு மாலை பார்த்துத்தான் பெருநாள் நாளையா, மறுநாளா என்று அறிவிப்பார்கள். எனவே நானாவின் படிவத்தில் “புதன் அல்லது வியாழன், ஒரு நாள் லீவு; பிறை அறிவித்த இரவே உறுதிசெய்வேன்; மேசையை உடப்பு நண்பர் பார்ப்பார்” என்று இருக்கும். அந்த நண்பரின் தீபாவளிக்கு நானா மேசை பார்ப்பது வேறு ஒப்பந்தம்.

தம்பி வாட்ஸ்அப்பையே நம்பினார். இரவு பத்தரைக்கு அவர் அனுப்பிய “சேர், பிறை கண்டாச்சு” என்ற செய்திக்கு வந்த பதில்: “அப்ப நாளைக்கு கவுண்டரையும் பிறைதான் பார்க்குமா தம்பி?”

ஹஜ்ஜுப் பெருநாள் விஷயம் வேறு. மாதத்தின் 10ஆம் நாளில் வருவதால் பிறை கண்ட பிறகும் ஒன்பது, பத்து நாள் அவகாசம் உண்டு. நானா மறுநாள் காலையே படிவத்தோடு சேரின் கதவடியில் நிற்பார். இந்த முறை பின்னால் தம்பியும் நிற்கிறார், பேனா இரவல் கேட்டபடி.