ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்

2024 மார்ச் 1 அன்று மலேசியாவில் சேவை வரி 6 சதவீதத்திலிருந்து 8 ஆனது. உணவகம், தொலைபேசி, வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றுக்குப் பழைய 6தான். சாலாக் செலாத்தானில் ஒரு கார் பட்டறைக்கு நான் எழுதிக் கொடுத்த பில் நிரலுக்கும் அந்தச் சலுகை கிடைத்திருந்தது, என் தயவால்.

இரண்டு மாதக் கணக்கைச் சுங்கத்துறைக்கு அனுப்பும்போதுதான் தெரிந்தது. 90,000 வெள்ளி சேவைக்கட்டணத்தில் 1,800 குறைவு. வண்டியோடு போன வாடிக்கையாளரிடம் இனி எப்படிக் கேட்பது?

பட்டறை அண்ணனுக்கு முதலில் "சிஸ்டத்தில் சிறு தடங்கல்" என்று எழுதினேன். சிஸ்டம் பாவம், சொன்னதைத்தான் செய்தது. அழித்துவிட்டு, "அண்ணே, வரி விகிதத்தை மாற்றாதது நான்" என்று எழுதி, ஒவ்வொரு பில் எண்ணுக்கும் எவ்வளவு குறைவு என்ற பட்டியலையும் 1,800 வெள்ளியையும் கொடுத்தேன். கெடுவுக்குள் கட்டியதால் 10 சதவீத அபராதம் தப்பியது. இனி விகிதம் தேதியைப் பார்த்து மாறும்.

அண்ணன் மன்னித்துவிட்டார். ஆனால், "நல்லா வேலை செய்யுது தம்பி" என்று சொல்லிக்கொண்டே இன்னமும் ஒவ்வொரு பில்லையும் கால்குலேட்டரில் தட்டிப் பார்க்கிறார்.