கண்காணிப்பாளர் ஐயாவின் பெருந்தன்மை

எங்கள் அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஐயாவைப் போல மன்னிக்கத் தெரிந்தவர் இந்த மாவட்டத்திலேயே இல்லை. அதிலும் அடி வாங்கியவர் வேறொருவர் என்றால் அவர் கருணைக்கு அளவே கிடையாது.

ஒருநாள் நள்ளிரவு தாண்டி, நெஞ்சுவலியென்று ஒரு பெரியவரைத் தூக்கி வந்தார்கள். அரை மணி நேரம் நெஞ்சை அழுத்தியும் உயிர் திரும்பவில்லை. அதுவரை வெளியே நின்ற மகனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஆளேது? பணியிலிருந்தது ஒரு முதுநிலை மாணவியும் ஒரு நர்ஸும்தான். இப்படி ஆள் மிச்சம் பிடிப்பதும் ஐயாவின் திறமையே. செய்தி கேட்டதும் மகன் தன் பாசத்தையெல்லாம் அந்த டாக்டரின் கன்னத்தில் காட்டினார். ஈ.சி.ஜி. மெஷின் தரையில் கிடந்தது. "வெளிய வருவல்ல, பாத்துக்கிறேன்" என்று எதிர்கால அக்கறையும் தெரிவித்துவிட்டுப் போனார்.

காலையில் ஐயா வந்தார். "துக்கத்துல அடிச்சிட்டாங்கம்மா. பெருசு பண்ணாத, உனக்குப் பரீட்சை வருது" என்றார். எவ்வளவு தொலைநோக்கு!

அவசரக்காரர்களாக இருந்தால் என்ன செய்திருப்பார்கள்? அடிபட்டவரை உடனே வேறொரு டாக்டர் பரிசோதித்து, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார், எதனால் தாக்கினார் என்று விபத்துப் பதிவேட்டில் எழுதி, காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பியிருப்பார்கள். மிரட்டலைக்கூட அதே சொற்களில் குறித்திருப்பார்கள். சிசிடிவி பதிவு தானாக அழியுமுன் நகலெடுத்திருப்பார்கள். மாணவியைத் தனியே ஸ்டேஷனுக்கு அனுப்பாமல், நிறுவனத்தின் பெயரிலேயே புகார் கொடுத்திருப்பார்கள். தனி ஆள் புகார் என்றால் வார்டு கவுன்சிலர் ஒரு போன் போட்டே வாபஸ் வாங்க வைத்துவிடலாமே! அந்த வசதியைக் கெடுக்க ஐயாவுக்கு மனம் வரவில்லை.

2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனைக் கொடுமைக்குப் பிறகு, தாக்குதல் நடந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே எஃப்.ஐ.ஆர். பதியச் செய்ய வேண்டும் என்று மத்திய அரசு தன் மருத்துவமனைகளுக்கு உத்தரவிட்டது. நமது மாநில மருத்துவமனை. நமக்கெதற்கு அந்தப் பரபரப்பு? ஐயா மூன்றாம் நாள் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார். 'சிறு வாக்குவாதம்' என்று எழுதியிருந்தார். இன்ஸ்பெக்டரும் சளைத்தவரல்ல, எஃப்.ஐ.ஆர். என்ற கடுஞ்சொல்லைத் தவிர்த்து, மனு வந்து சேர்ந்ததற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார். அந்தத் துண்டுச் சீட்டை ஐயா கோப்பில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

தமிழ்நாட்டின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய வன்முறைக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை என்கிறது. பிணையில் விடமுடியாத குற்றம், உடைத்த பொருளுக்கு இழப்பீடும் உண்டு. ஐயா இதை மறந்தவரல்ல. அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் இதைப் பலகையில் எழுதிக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருந்தார். அன்றிரவு அதையும் உடைத்துவிட்டார்கள். அதற்கும் புகார் இல்லை. புதுப் பலகைக்கு விலைப்புள்ளி கேட்டிருக்கிறார்.