‘ஆட்கள் தேவை’ எழுதும் முதலாளி

மயிலாப்பூர் மாட வீதிகளிலும், தியாகராய நகர் உஸ்மான் சாலையை ஒட்டிய தெருக்களிலும், அடையாற்றிலும் சிற்றுண்டிச்சாலை நடத்தும் முதலாளி, ஒரு படி உளுந்துக்கு எத்தனை வடை தேறும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவரே ஆயினும், வேலைக்கு ஆள் கேட்டு நான்கு வரி எழுத உட்கார்ந்தால் மட்டும் எண்கள் அனைத்தையும் மறந்துவிடும் இயல்பினர். அவர் எழுதிக் கண்ணாடிக் கதவில் ஒட்டும் தாள் பெரும்பாலும் பின்வருமாறு அமையும்: ‘ஆட்கள் தேவை. சப்ளையர் 3, கிச்சன் ஹெல்பர் 2. மூன்று வேளை சாப்பாடு, தங்குமிடம் இலவசம். இரண்டு ஷிப்ட். வாரம் ஒரு நாள் லீவு. நல்ல சம்பளம், நேரில் பேசவும்.’ இதில் சப்ளையர் என்பவர் மேசையில் கேட்டதை வாங்கிவந்து பரிமாறுபவர். கிச்சன் ஹெல்பர் என்பவர் வெங்காயம் உரிப்பது முதல் அண்டா தேய்ப்பது வரை, மாஸ்டர் எனப்படும் தலைமைச் சமையல்காரர் கை வைக்க விரும்பாத எல்லாவற்றையும் செய்பவர்.

‘இரண்டு ஷிப்ட்’ என்பதைப் படிக்கும் வெளியூர் இளைஞர், காலையில் ஒரு குழுவும் மாலையில் மற்றொரு குழுவும் வேலை பார்க்கும் என்று எண்ணிக்கொள்வது இயற்கை. ஆனால் முதலாளியின் கருத்துப்படி இரண்டு ஷிப்டையும் பார்ப்பவர் ஒரே ஆள்தான். காலை 6 முதல் 11 வரையும், பிறகு மாலை 4 முதல் இரவு 10 வரையும் வேலை என்னும் இம்முறையைத் தொழிலில் பிரேக் ஷிப்ட் என்பர். நடுவிலுள்ள ஐந்து மணி நேரத்தை ஓய்வு என்று முதலாளி பெருமையுடன் கணக்கிட்டாலும், மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் எட்டுப் பேர் படுக்கும் அறையில், அதுவும் மே மாதத்தில், அந்த ஓய்வை எடுப்பதும் ஒருவகை வேலையே.

நாளொன்றுக்கு 11 மணி நேரம் வீதம் ஆறு நாளுக்கு 66 மணி நேரம் ஆகிறது. உணவகத் தொழிலாளருக்கென்றே 1958இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டமோ நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்து, வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறையும், மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலியும் தரச் சொல்கிறது. மிகைநேரத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு என்பதைச் சற்று மறந்துவிட்டுக் கணக்கைப் பார்த்தால், கூடுதலான 18 மணி நேரம் கூலியில் 36 மணி நேரமாக ஏறும். ஆகவே 48 மணி நேரத்துக்கு மாதம் 14,000 ரூபாய் என்று பேசியிருந்தால், 66 மணி நேரத்துக்குரியது 24,500 ரூபாய். முதலாளிக்கு இக்கணக்கு தெரியாது என்று கருதுவது அவருடைய வடைக் கணக்கை அவமதிப்பதாகும். ‘நேரில் பேசவும்’ என்ற இரண்டு சொற்கள் அங்கே நிற்பதே இதனால்தான்.

வார விடுமுறையைப் பொறுத்தவரை, அது எந்தக் கிழமை என்பதைத் தாள் சொல்லாது. சனி, ஞாயிறு கூட்ட நாட்கள். முகூர்த்த நாளும் அப்படியே. பங்குனியில் அறுபத்துமூவர் வந்தால் மயிலாப்பூரிலும், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தியாகராய நகரிலும் லீவு என்ற பேச்சே எடுபடாது. ‘லீவு போடாதவனுக்கு ஒரு நாள் சம்பளம் சேர்த்துத் தர்றேன்ல’ என்பது முதலாளியின் நியாயம். மூன்று வேளைச் சாப்பாடு உண்மையிலேயே உண்டு. ஆனால் காலைச் சிற்றுண்டி வாடிக்கையாளர் ஓய்ந்த பதினொரு மணிக்கு, முதல் நாள் மாவில் வார்த்த ஊத்தப்பமாகவும், வெந்நீர் கலந்து பெருகிய சாம்பாராகவும் வரும்.

இதையெல்லாம் குறை சொல்வோரிடம் முதலாளி எடுத்துக்காட்டும் பெயர் கே. கிருஷ்ண ராவ். உடுப்பிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, உணவகச் சமையலறையில் எடுபிடியாகத் தொடங்கி, 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் திறந்தவர் அவர் என்பது உண்மையே. எனினும் தம்மிடம் சேரும் ஹெல்பர் நாளை எதிர்ச்சாரியிலேயே கடை திறந்தால் முதலாளி மகிழ்வாரா என்பது வேறு செய்தி.

தாளைப் பார்த்துத் தொலைபேசியில் அழைப்பவர்கள், அசாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர்களாயினும், திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளைகளாயினும், கேட்பவை பெரும்பாலும் ஒன்றே: ‘அண்ணா, சம்பளம் எவ்ளோ? லீவு என்னைக்கு? அட்வான்ஸ் கிடைக்குமா?’ மூன்றுக்கும் ‘நேர்ல வா தம்பி, பேசிக்கலாம்’ என்றே மறுமொழி வருவதால், அழைத்தவர் தொகையையும் கிழமையையும் சொல்லும் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். வேலை தேடுவோர் தாளின் வாசகத்தை விட்டு அதன் ஓரத்தைப் பார்ப்பது நலம். ஒட்டிய டேப் பழுப்பேறி, ‘சப்ளையர் 3’ என்பது பேனாவால் 4 ஆகவும் பிறகு 6 ஆகவும் திருத்தப்பட்டிருந்தால், அக்கடையில் சேர ஆள் வந்திருக்கிறார்கள், முதல் சம்பளத்தோடு போயுமிருக்கிறார்கள்.