ரேட் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே!

வேளச்சேரியில் பழைய ஃப்ளாட் பார்க்க வருகிறவர் முதலில் சுவரைத் தட்டுவார். பிறகு பாத்ரூம் குழாயைத் திறந்து மூடுவார். பால்கனியில் நின்று எதிர்வீட்டுக் கொடியில் காயும் வேட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். ஹாலுக்குத் திரும்பியதும், எதிர்பார்த்தபடியே, "எல்லாம் ஓகே, ரேட்தான் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே" என்பார். இந்த வசனம் வராத நாளில், 'பார்ட்டிக்கு வீடு பிடிக்கல' என்று தரகருக்குத் தெரிந்துவிடும். பிடிக்காத வீட்டுக்கு யாரும் பேரம் பேசுவதில்லை.

இதற்குத் தரகர்கள் கைவசம் வைத்திருக்கும் பதில்களில் மூன்று மிகப் பழையவை.

முதலாவது, "நாளைக்குக் காலைல இன்னொரு பார்ட்டி டோக்கனோட வர்றாங்க சார்." அந்த இன்னொரு பார்ட்டியை யாரும் நேரில் பார்த்ததில்லை. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்வார், மனைவிக்கும் சம்பளம் உண்டு, லோன் தயாராக இருக்கும். எந்தத் தெருவில் வீடு விற்பனைக்கு வந்தாலும் மறுநாள் காலையில் வந்துவிடக்கூடியவர்.

இரண்டாவது, "ரயில் வந்தா விலை எங்கேயோ போயிடும்." பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு வந்தது 2007-ல். அங்கிருந்து பரங்கிமலை வரை சுமார் 5 கிலோமீட்டர் நீட்டிப்பு, நிலத் தகராறில் ஆண்டுக்கணக்காக இழுத்தது. அத்தனை ஆண்டுகளும் தரகர்கள் "அடுத்த பொங்கலுக்கு ஓடிடும்" என்றே வீடு விற்றார்கள். முதல் பொங்கலுக்கு அதை நம்பி வாங்கியவர்கள் பலர் கடனையே கட்டி முடித்திருப்பார்கள்.

மூன்றாவது, "இந்தத் தெருவுல தண்ணியே நிக்காது." இதைத்தான் யாரும் நம்புவதில்லை. 2015 டிசம்பரை மறந்தவர்கள்கூட 2024 அக்டோபரை மறக்கவில்லை. மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக ஏற்றி நிறுத்தியதை டி.வி.யில் ஊரே பார்த்தது.

தொழில் தெரிந்த தரகர் இந்த மூன்றையும் எடுப்பதில்லை. "எதை வச்சு ஜாஸ்திங்கறீங்க சார்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருத்தலில்தான் பார்ட்டியின் உண்மையான கஷ்டம் வெளியே வரும்.

"ரெண்டு தெரு தள்ளி இதே ஆயிரம் சதுர அடி, 72 லட்சத்துக்குத் தர்றாங்க. நீங்க 80 சொல்றீங்க" என்பது பெரும்பாலும் முதலில் வரும் பதில். இதற்குத் தரகர் பையிலிருந்து எடுக்க வேண்டியது அளவு டேப். ஆயிரம் சதுர அடி என்பது சூப்பர் பில்ட் அப் கணக்கு. படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்துச் சொல்லும் எண் அது. படிக்கட்டில் யாரும் பாய் விரித்துப் படுப்பதில்லை. குடியிருக்க உதவுவது கார்ப்பெட் ஏரியா. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிச்சுவர், பால்கனி, மொட்டை மாடி நீங்கலாக, உள்சுவர்களையும் சேர்த்து வரும் அளவு.

இந்த வீட்டில் அது 760 சதுர அடி, அந்த வீட்டில் 680 என்று வைத்துக்கொள்வோம். 80 லட்சத்தை 760-ஆல் வகுத்தால் சதுர அடி சுமார் 10,526 ரூபாய். 72 லட்சத்தை 680-ஆல் வகுத்தால் 10,588. மலிவு என்று சொன்ன வீடு சதுர அடிக்கு 62 ரூபாய் கூடுதல். பதில் இப்படி இருக்கலாம்: "அதையும் போய் டேப் வச்சு அளந்து பாருங்க சார். பத்திரத்துல யூ.டி.எஸ். எவ்வளவுன்னும் கேளுங்க. அதுக்கப்புறமும் அதுதான் மலிவுன்னா நானே முடிச்சுத் தர்றேன்." யூ.டி.எஸ். என்கிற பிரிபடாத நிலப் பங்குதான், கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும்போது கையில் நிற்பது.

இன்னொரு ரகம், கொஞ்சம் தயங்கி, "ஜாஸ்தின்னு இல்ல... எங்களுக்குக் கொஞ்சம்..." என்று இழுப்பார். பக்கத்தில் நிற்கும் மனைவி சுவரைப் பார்ப்பார். இவரிடம் வீட்டின் பெருமையைப் பேசிப் பயனில்லை, பேனாவை எடுக்க வேண்டும்.

80 லட்சம் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 64 லட்சம்தான் தரும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு அது. மீதி 16 லட்சம் கையிலிருந்து. முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் சேர்ந்து 7,20,000. இதற்கு வங்கி கடன் தராது. தரகு 1 சதவீதம் என்றால் 80,000. ஆக, 24 லட்சம் ரொக்கம் வேண்டும்.

ஓனர் காலில் விழுந்து 2 லட்சம் குறைத்தாலும் இதே கணக்குப்படி கையிலிருந்து போட வேண்டியது 23,40,000. குறைந்தது வெறும் 60,000. கையில் 20 லட்சம் வைத்திருப்பவருக்கு இந்தப் பேரம் உதவாது. அவருக்கான பதில்: "சார், விலையில முப்பது பர்சென்ட் கையில இருக்கணும். உங்களுக்கு 65, 66 லட்சத்துக்குள்ள பார்ப்போம். தரமணி பக்கம் ஒண்ணு இருக்கு, சாயந்தரம் போலாமா?" ஒரு வீடு கைவிட்டுப் போகும், பார்ட்டி போகமாட்டார்.

மூன்றாவது ரகம் விஷயம் தெரிந்தவர். காம்பவுண்டுச் சுவரில் பழுப்பாகப் படிந்த கோட்டைக் காட்டி, "இதுக்கு 80 லட்சமா?" என்பார். இங்கே மறுத்துப் பேசினால் கதை முடிந்தது. "ஆமா சார், 2015-ல அதுவரைக்கும் வந்தது. 2023 மிக்ஜாம்ல முழங்கால் அளவு. நீங்க பார்க்கறது ரெண்டாவது மாடி, வீட்டுக்குள்ள வராது. ஆனா இ.பி. மீட்டர் கீழேதான் இருக்கு, மோட்டாரும் கீழே. மீட்டரை மேலே தூக்க என்ன செலவாகும்னு அசோசியேஷன்ல கேட்டு, உங்க பங்கை ஓனர்கிட்ட குறைச்சுக் கேக்கறேன்." இவ்வளவு ஒப்புக்கொண்ட தரகரிடம் அடுத்தபடி பார்ட்டி கேட்பது பெரும்பாலும், "பேப்பர் எல்லாம் எப்ப காட்டறீங்க?"

நிஜமான விலைக்குறைப்பு நடக்கும் இடம் ஓனர் வீட்டுச் சோபா. "உக்காந்து பேசினா குறையும்" என்று தரகர் சொல்வது பொய்யல்ல. அங்கே செல்லுபடியாகும் ஆயுதம், வங்கி மதிப்பீட்டாளரின் அறிக்கை. பேசிய விலை 80 என்றாலும் மதிப்பீடு 74 என்றால் வங்கி 74-க்குத்தான் 80 சதவீதம் தரும். கடனில் 4,80,000 துண்டு விழும். "நாங்க சொல்லல சார், பேங்க் சொல்லுது" என்றால், அதுவரை அசையாமலிருந்த ஓனரும் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிடுவார்.

தரகர் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று பார்ட்டிக்குச் சந்தேகம் வரும். கணக்கு எளிது. 2 லட்சம் குறைந்தால் தரகருக்குப் போவது 2,000. டீல் உடைந்தால் போவது 80,000. ஆகவே யார் எவ்வளவு இறங்கினாலும் அவருக்கு வருத்தமில்லை, யாரும் எழுந்து போகாமலிருந்தால் சரி.

கடைசியில் 77-க்கு முடிந்து, டோக்கன் கைமாறி, காபியும் வந்துவிடும். அப்போது பார்ட்டி மெல்ல, "உங்க கமிஷனும் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே" என்பார்.

"எதை வச்சு ஜாஸ்திங்கறீங்க சார்?"

"விஜயநகர் பஸ் ஸ்டாண்ட்கிட்ட இருக்கறவர் அரை பர்சென்ட்தானாம். நாளைக்குக் காலைல வர்றேன்னு சொல்லியிருக்கார்."